ஆளைப் பார்க்காதீர்கள், வயரைப் பாருங்கள்

கண்ணெதிரே ஒருவரைக் கரண்ட் பிடித்துக்கொண்டிருந்தால் யாராக இருந்தாலும் கை முதலில் அவரை நோக்கித்தான் போகும். பிள்ளையாக இருந்தால் அம்மாவின் கை போகும், தம்பியாக இருந்தால் அண்ணனின் கை போகும். யோசித்து நீட்டுகிற கை இல்லை அது, அதனால்தான் ஒரே வீட்டில் அடுத்தடுத்து இரண்டு பேர் போய்விட்டார்கள் என்ற செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. நான் வயரிங் வேலை செய்கிறவன், வேலையிடங்களில் முதலுதவி வகுப்பும் எடுக்கிறேன். வகுப்பில் எதை மறந்தாலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள் என்று சொல்வேன்: அந்த நேரத்தில் கண் ஆள்மேல் போகக் கூடாது, வயர்மேல் போக வேண்டும். வயர் எங்கிருந்து வருகிறது, அதன் அடுத்த முனை எங்கே செருகியிருக்கிறது? நீங்கள் தொட வேண்டிய இடம் அதுதான்.

ஏன் கையை விட முடியவில்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதிலிருந்தே புரியும். கரண்ட் ஆளை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பிடித்துக்கொள்வது அவருடைய சொந்தத் தசைகள். முன்கையில் விரல்களை மடக்கும் தசையும் உண்டு, விரிக்கும் தசையும் உண்டு. வெளியிலிருந்து வரும் மின்சாரம் இரண்டையும் ஒரே சமயத்தில் இறுக்குகிறது. மடக்கும் தசைகள் பலம் கூடியவை, அதனால் விரல்கள் மூடிக்கொள்கின்றன. மூளை ‘விடு’ என்று கத்தினாலும் கை கேட்காது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்ஸியல் என்ற பேராசிரியர் தன்னார்வலர்களின் கையில் கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எந்த அளவுக்கு மேல் அவர்களால் பிடியை விட முடியவில்லை என்று அளந்து பார்த்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர். ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் 10 மில்லி ஆம்பியர் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது உங்கள் வீட்டு மெயின் போர்டில், கரண்ட் அளவு மீறினால் தானாக விழுகிற சுவிட்சான எம்சிபியைப் பாருங்கள். அதில் 6, 10, 16, 20 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். அது ஆம்பியர் கணக்கு. பிடியை விட முடியாமல் செய்ய 10 மில்லி ஆம்பியர் போதும், அதாவது ஒரு ஆம்பியரில் நூறில் ஒரு பங்கு. அதைப்போலப் பல நூறு மடங்கு போனால்தான் அந்த எம்சிபி விழும். ஒரு மனிதர் துடித்துக்கொண்டிருப்பது அதற்குத் தெரியவே தெரியாது, அதன் கணக்கில் அவர் ஒரு சின்ன பல்புக்குச் சமம். ‘ஃபியூஸ் போயிருக்குமே, டிரிப் ஆகியிருக்குமே’ என்று நம்பிக் கிட்டே போகாதீர்கள். மனிதரைக் காப்பாற்றுவதற்காகவே செய்யப்பட்டது வேறொரு சாதனம், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அது வேலை செய்கிற வீட்டில் ஒருவரைக் கரண்ட் இப்படிப் பிடித்து வைத்திருக்க வழி குறைவு. நீங்கள் ஓடி வரும்போதும் அவர் விட முடியாமல் நிற்கிறார் என்றால், அந்தப் பாதையில் ஆர்சிசிபி இல்லை, இருந்தாலும் வேலை செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம். தரையை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார் ஒருவர். வெறுங்கால். வழியில் ஒரு ஸ்டாண்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அணைக்காமல், இரும்புக் கம்பத்தைப் பிடித்து நகர்த்துகிறார். ஃபேனின் அடிப்பகுதியில், வயர் உள்ளே நுழைகிற ஓட்டையின் விளிம்பில் பல நாளாக உரசி உரசி மேலுறை தேய்ந்திருக்கிறது. நகர்த்தும்போது, கரண்ட் வருகிற ஃபேஸ் வயரின் செம்பு கம்பத்தில் படுகிறது. பிளக் இரண்டு முள் பிளக், அதனால் எர்த் என்று ஒன்று இல்லை. எர்த் இருந்திருந்தால் செம்பு பட்ட அந்த நொடியே பெரிய கரண்ட் எர்த் வழியாக ஓடி எம்சிபி விழுந்திருக்கும். இங்கே கரண்டுக்குத் தரைக்குப் போக இருக்கிற ஒரே வழி அவர்தான். வியர்வை பட்ட உள்ளங்கை, முழுப் பிடி, ஈரத் தரை, வெறுங்கால் எல்லாம் சேர்ந்தால் உடம்பின் தடை இரண்டாயிரம் ஓம் அளவுக்குக்கூட இறங்கிவிடும். 230 வோல்ட்டில் அது 100 மில்லி ஆம்பியருக்கு மேல்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்க்காதீர்கள். மார்புத் தசைகளும் இறுகிப்போவதால் மூச்சை இழுக்கவும் முடியாது, குரலும் வராது. தொண்டையிலிருந்து ஒரு முனகல் வரலாம், அதுவும் வராமல் இருக்கலாம். பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்பது பெரும்பாலும் ஃபேன் ஆடுகிற சத்தமோ, வாளி கவிழ்கிற சத்தமோதான். எட்டிப் பார்த்தால் அவர் விறைப்பாக நிற்பார், இல்லையென்றால் ஃபேனோடு சாய்ந்து கிடப்பார். முழங்கை மடங்கி, விரல்கள் கம்பத்தில் ஒட்டினாற்போல் இருக்கும். உடம்பு லேசாக அதிர்ந்துகொண்டிருக்கும். பார்வை உங்கள்மேல் இருந்தாலும் பதில் வராது. மின்சாரப் பொருள் ஒன்றைப் பிடித்தபடி ஒருவர் இப்படி நின்றால், வேறு காரணம் எதையும் யோசிக்காமல் ஷாக் என்றே முடிவு செய்யுங்கள். தப்பான முடிவாக இருந்தாலும் நஷ்டமில்லை, ஒரு ஃபேன் அணையும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? அவருடைய கை 230 வோல்ட்டில் இருக்கிறது, பாதம் தரையின் நிலையில் இருக்கிறது. நடுவில் உள்ள உடம்பு இந்த இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு வோல்ட்டேஜில் இருக்கும். மார்பு, தோள் பகுதி ஏறத்தாழப் பாதியில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது அவர் தோளைத் தொடுவது 100 வோல்ட் வயரைத் தொடுவதற்குச் சமம். முன்கையைத் தொட்டால் இன்னும் கூட. நீங்களும் அதே ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கிறீர்கள், இழுப்பதற்காக விரல்களை மடக்கி இறுகப் பிடித்திருக்கிறீர்கள். அவர் கைக்கு நடந்ததே உங்கள் கைக்கும் நடக்கும். அவரைக் கம்பம் பிடித்திருக்கும், உங்களை அவர் பிடித்திருப்பார். அப்புறம் மூன்றாவது ஆள் வரும்வரை இரண்டு பேருக்கும் மூச்சு இல்லை.

ஒரு வகுப்பில் இளைஞர் ஒருவர் கேட்டார், “அண்ணே, ரப்பர் செருப்பு போட்டிருந்தா தொடலாம்ல?” காய்ந்த, தடிமனான, ஓட்டை விழாத ரப்பர் அடி நிச்சயம் உதவும். ஆனால் நம் காலில் இருக்கும் செருப்பு தேய்ந்து மெலிந்திருக்கும், ஈரத்தில் நடந்தால் விளிம்பு வழியாகத் தண்ணீர் ஏறி பாதத்தை நனைத்திருக்கும். கரண்டுக்கு அந்த ஈரம் போதும். அதோடு, காலை மட்டும் காத்து என்ன பயன்? இழுக்கிற அவசரத்தில் மறு கையால் சுவரையோ ஜன்னல் கம்பியையோ குழாயையோ பிடித்துவிட்டால், ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்குகிற கரண்ட் நேராக நெஞ்சைக் கடந்துதான் போகும். செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி ஆளைத் தொடாதீர்கள். ‘புறங்கையால் தட்டிவிட்டால் பிடித்துக்கொள்ளாது’ என்று சொல்பவர்களும் உண்டு. புறங்கை பிடிக்காது என்பது சரி, கரண்ட் அதன் வழியாகவும் தாராளமாகப் போகும்.

சரி, வாசலில் நின்றுவிட்டீர்கள். “யாரும் தொடாதீங்க! மெயினை ஆஃப் பண்ணுங்க!” என்று உரக்கச் சொல்லுங்கள். இது வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்காக, ஏனென்றால் உங்களுக்குப் பின்னால் ஓடி வருகிறவர் உங்களைத் தாண்டி உள்ளே பாய்ந்துவிடுவார். சொல்லிக்கொண்டே ஃபேன் வயரைக் கண்ணால் பின்தொடருங்கள். பிளக் உங்கள் பக்கத்துச் சுவரில், காய்ந்த இடத்தில் இருந்தால் வேலை இரண்டு நொடியில் முடிந்துவிடும்: சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கையும் பிடுங்குங்கள். இரண்டையும் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தப்பாக வயரிங் செய்த வீடுகளில் சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரலில் இருக்கும். அங்கே சுவிட்சை அணைத்தால் ஃபேன் நிற்கும், ஆனால் ஃபேஸ் இன்னும் கம்பம்வரை உயிரோடு இருக்கும். ஃபேன் நின்றுவிட்டதே என்று நீங்கள் தொடப் போவீர்கள். ஃபேனில் உள்ள சுவிட்சுக்கும் இதே கதைதான். பிளக் வெளியே வந்துவிட்டால் எந்தக் குழப்பமும் இல்லை.

பிளக் கண்ணில் படவில்லை, அல்லது அவரைத் தாண்டிப் போனால்தான் எட்டும், அல்லது எக்ஸ்டென்ஷன் பாக்ஸே அந்த ஈரத்தில் கிடக்கிறது என்றால் மெயினுக்குப் போங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தண்ணீரில் கிடந்தால் அந்த ஈரத்தில் கால் வைக்கவே கூடாது, அங்கே தரையே கரண்டாக இருக்கும். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இந்தப் பத்து, பதினைந்து நொடிக்காகத்தான். அங்கே போய் எது எந்த அறைக்கு என்று எம்சிபிகளின் எழுத்தைப் படித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கிற பெரிய மெயினையே இறக்குங்கள்.

பலர் யோசிக்காத ஒரு சங்கதி இருக்கிறது: இன்வெர்ட்டர். மெயினை இறக்கியதும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து அது தன் வேலையைத் தொடங்கிவிடும். கண் இமைக்கும் நேரத்தில் பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட் அதே கம்பத்துக்கு வந்துவிடும். லைட்டும் ஃபேனும் இன்வெர்ட்டர் லைனில் இருப்பதுதான் வழக்கம், அதனால் ஃபேனில் பிடித்தவரை மெயினை மட்டும் இறக்கிக் காப்பாற்ற முடியாது. மெயினை இறக்கிய பிறகும் ஏதாவது ஒரு லைட் எரிந்தால், ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தால், இன்வெர்ட்டர் ஓடுகிறது என்று அர்த்தம். அதன் வெளியீட்டுச் சுவிட்சையும் அணைக்க வேண்டும், அந்த லைனுக்குத் தனி எம்சிபி இருந்தால் அதையும் இறக்க வேண்டும். தானாக ஸ்டார்ட் ஆகிற ஜெனரேட்டர் உள்ள கட்டடத்தில் இன்னும் கவனம் வேண்டும், அது சில நொடி கழித்து நீங்கள் எதிர்பார்க்காத நேரத்தில் உயிர் பெறும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், மெயின் போர்டுக்குப் பக்கத்திலேயே ‘இன்வெர்ட்டரையும் அணைக்கவும்’ என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். முடிந்தால் ஒருவர் மெயின் பக்கத்திலேயே நிற்கட்டும், ‘ஏன் கரண்ட் போச்சு’ என்று இன்னொருவர் வந்து அதைத் தூக்கிவிடக் கூடாது.

கரண்டை எந்த வழியிலும் நிறுத்த முடியவில்லை என்றால்தான் ஆளைப் பிரிக்கிற வேலை. முதலில் நீங்கள் நிற்கிற இடம். காய்ந்த மரப் பலகை, பிளாஸ்டிக் ஸ்டூல், தடிமனான ரப்பர் மேட், இவை எதுவும் இல்லையென்றால் காய்ந்த செய்தித்தாள் கட்டு. அதன்மேல் நின்றுகொண்டு, சுவரையோ வேறு எதையுமோ தொடாமல், காய்ந்த மரக் கம்பையோ பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள துடைப்பத்தையோ பிளாஸ்டிக் நாற்காலியையோ கையில் எடுங்கள். இப்போதுதான் வெட்டிய பச்சைக் கம்பு வேண்டாம், அதனுள் ஈரம் இருக்கும். பிளாஸ்டிக் உறை போட்டதாகத் தெரிகிற மாப் குச்சிகளில் பல உள்ளே இரும்புக் குழாய், அதுவும் வேண்டாம்.

கம்பு கிடைத்ததும் ஃபேனைத் தள்ளிவிடத் தோன்றும். வெறும் வயர் ஒன்று அவர்மேல் கிடந்தால் அதைத் தள்ளுவது சரியான வழி. ஆனால் விரல்கள் மூடிப் பிடித்திருக்கும்போது ஃபேனைத் தள்ளினால் ஆளும் சேர்ந்து வருவார். இங்கே எனக்குச் சரியாகப் படுவது வேறு: கம்பின் நுனியால், பிளக்குக்குப் பக்கத்தில் இருக்கிற வயரைக் கொக்கி போட்டதுபோல் வளைத்து, பலமாகச் சுண்டி இழுப்பது. இரண்டு முள் பிளக் பெரும்பாலும் எளிதாகக் கழன்று வந்துவிடும். அது முடியவில்லை என்றால், அவர் பிடித்திருக்கும் கையின் மணிக்கட்டுப் பக்கம் கம்பால் ஓங்கி ஒரு தட்டு. வலிக்குமே, எலும்பு முறியுமே என்று தயங்காதீர்கள், முறிந்த எலும்பு கூடும். அதுவும் ஆகவில்லை என்றால் காய்ந்த போர்வையையோ நீளமான துண்டையோ அவருக்குப் பின்னால் இருந்து இடுப்பில் சுற்றிப்போட்டு, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, உங்கள் முழு எடையோடு பின்னால் சாய்ந்து சட்டென்று இழுங்கள். மெதுவாக இழுத்தால் இறுகிய பிடி விடாது. துணி காய்ந்ததாக இருப்பது முக்கியம். அவர் போட்டிருக்கும் சட்டை தளர்வாகவும் காய்ந்தும் இருந்தால் அதன் நுனியைப் பிடித்தும் இழுக்கலாம், ஆனால் கரண்ட் பிடித்தவருக்கு வியர்த்துக் கொட்டியிருக்கும், சட்டை உடம்போடு ஒட்டியிருக்கும், அதனால் அதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

கம்பு, பலகை, போர்வை எல்லாம் வீட்டு மின்சாரத்துக்கு மட்டும்தான். கம்பத்திலிருந்து அறுந்து விழுந்த லைன், டிரான்ஸ்பார்மர், உயரழுத்த வயர் எதற்கும் இவை செல்லாது. ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்குக் காய்ந்த மரம் தடையே இல்லை. அறுந்த வயர் தரையைத் தொட்டால் அந்த இடத்தைச் சுற்றியுள்ள மண்ணிலேயே வோல்ட்டேஜ் பரவியிருக்கும். ஒரு கால் ஒரு வோல்ட்டேஜிலும் அடுத்த கால் வேறு வோல்ட்டேஜிலும் படுவதால், எதையும் தொடாமல் நடந்து போகிறவரையே கரண்ட் கீழே தள்ளிவிடும். பத்து மீட்டருக்குள் போகவே போகாதீர்கள், இன்னும் தள்ளி நிற்பது நல்லது. வயர் அசையாமல், தீப்பொறி இல்லாமல் கிடந்தாலும் செத்துவிட்டதாக எண்ணாதீர்கள். ஏற்கெனவே உள்ளே போய்விட்டதை உணர்ந்தால், இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையை விட்டு எடுக்காமல், தேய்த்துத் தேய்த்து வெளியே வாருங்கள். மின்வாரியம் லைனைத் துண்டித்துவிட்டோம் என்று சொல்லும்வரை உள்ளே கிடப்பவரிடம் போக வழியே இல்லை. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஃபேனுக்குத் திரும்புவோம். கரண்ட் நின்ற நொடியில் இறுகியிருந்த தசைகள் எல்லாம் ஒரே சமயத்தில் தளரும், ஆள் அப்படியே சரிவார். ஏணிமேலோ ஸ்டூல்மேலோ நிற்கிறவராக இருந்தால் மெயினை இறக்குவதற்கு முன் கீழே மெத்தையோ தலையணையோ போட நேரமிருந்தால் போடுங்கள், ஆனால் அதற்காக இறக்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். அவர் கை இன்னும் கம்பத்தின்மேல் கிடந்தால், தொடுவதற்கு முன் ஃபேனைக் கம்பால் தள்ளிவிடுங்கள், யாராவது மெயினைப் போட்டுவிட்டாலும் அது அவரைத் தொடாது. கரண்டிலிருந்து பிரிந்துவிட்டவரைத் தொடுவதில் எந்த ஆபத்தும் இல்லை. உடம்பில் மின்சாரம் தங்கியிருக்கும் என்று பயந்து சுற்றி நின்று பார்ப்பவர்கள் உண்டு, அந்த ஒரு நிமிடத்தில் உயிர் போய்விடும்.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மார்பு ஏறி இறங்குகிறதா என்று பத்து நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளாமல் பாருங்கள். இங்கே ஏமாற்றுவது ஒன்று இருக்கிறது. இதயம் நின்றவருக்கும் முதல் சில நிமிடங்கள் விட்டு விட்டு, குறட்டைபோல, மீன் வாயைத் திறப்பதுபோல ஒரு மூச்சு வரும். பார்க்கிறவர்கள் ‘மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு’ என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார்கள். அது மூச்சு இல்லை. சீரான சாதாரண மூச்சு இல்லையென்றால் மூச்சே இல்லை என்று வைத்துக்கொண்டு, ஒருவரை ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, மார்பை அழுத்தத் தொடங்குங்கள். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாடி பார்க்க வேண்டாம், பயிற்சி இல்லாதவர்களுக்குத் தங்கள் நாடிதான் கேட்கும்.

மார்பின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு மார்பு முழுக்க மேலே வர விட வேண்டும். 30 அழுத்தம், பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து 2 மூச்சு, ஒவ்வொன்றும் ஒரு நொடி, மார்பு எழுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மறுபடி 30. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், களைத்த கை தன்னை அறியாமல் ஆழத்தைக் குறைத்துவிடும். பக்கத்தில் ஏஇடி என்ற இதய ஷாக் கருவி இருந்தால் உடனே கொண்டுவரச் சொல்லுங்கள். இதயம் தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருந்தால் அதை அந்தக் கருவியால்தான் நேராக்க முடியும், அழுத்துவது அதுவரை மூளைக்கு ரத்தம் கொண்டுபோகத்தான்.

மின்வேலை செய்கிற எனக்கு இந்த அழுத்தத்தின் கதையில் ஒரு தனிப் பிரியம் உண்டு. இதைக் கண்டுபிடித்த குழுவில் மின்பொறியாளர் ஒருவர் இருந்தார், வில்லியம் கவன்ஹோவன். ஷாக் அடித்து இறந்த லைன்மேன்களுக்காகத்தான் அவருடைய ஆராய்ச்சியே தொடங்கியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நாய்களின் மார்பில், இதயத்துக்கு ஷாக் கொடுக்கிற டிஃபிப்ரிலேட்டரின் தகடுகளை அழுத்தி வைத்தபோதே ரத்த அழுத்தம் ஏறுவதைக் குழுவில் ஒருவர் கவனித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1960-இல் அவர்கள் வெளியிட்ட மார்பு அழுத்த முறை.

பொதுவாக, வாயில் ஊதப் பயிற்சி இல்லை என்றால் அழுத்த மட்டும் செய்யுங்கள் என்பார்கள், அது சரிதான். ஆனால் ஷாக்கில் மூச்சு கொடுக்கத் தெரிந்திருப்பது மிகவும் உதவும். மார்புத் தசைகள் இறுகியதாலோ, மூச்சை நடத்துகிற மூளைப் பகுதி அடி வாங்கியதாலோ, இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு மட்டும் நின்றுபோயிருக்கலாம். 1967-இல் அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரில் ராக்கோ மொரபிட்டோ எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. ஷாக் அடித்து, பாதுகாப்பு பெல்ட்டில் தலைகீழாகத் தொங்குகிற லைன்மேனுக்கு, இன்னொரு லைன்மேன் கம்பத்தின் உச்சியிலேயே வாயோடு வாய் வைத்து ஊதுகிறார். அந்த நிலையில் மார்பை அழுத்த வழியில்லை. ஊதி, நாடி தெரிந்த பிறகு கீழே இறக்கினார்கள், அவர் பிழைத்தார். ஷாக்கில் விழுகிறவர்கள் பெரும்பாலும் மற்றபடி ஆரோக்கியமான இதயம் உள்ளவர்கள், அதனால் சீக்கிரம் கைவிடாதீர்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும்வரை அழுத்துங்கள்.

மூச்சு சீராக இருக்கிறது, நினைவு மட்டும் இல்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உயரத்திலிருந்து விழுந்தவராக இருந்தால் கழுத்து திரும்பாமல் தலையையும் உடம்பையும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தீப்புண்ணைத் தேடிப் பாருங்கள், பிடித்த உள்ளங்கையில் ஒன்று இருக்கலாம், கரண்ட் வெளியேறிய பாதத்தில் இன்னொன்று இருக்கலாம். மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். ஐஸும் எண்ணெயும் பற்பசையும் வேண்டாம். மூச்சு இல்லாதவருக்கு இதையெல்லாம் செய்து நேரத்தைக் கடத்தாதீர்கள், அவருக்குப் புண் பிறகு ஆறும்.

சமாளிக்கக் கடினமானவர், எழுந்து உட்கார்ந்து “ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்பவர். கரண்ட் விட முடியாமல் பிடித்திருந்தால், நினைவு தவறியிருந்தால், ஈரத்தில் நின்றிருந்தால், ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பாய்ந்திருந்தால், நெஞ்சு வலியோ படபடப்போ இருந்தால், கர்ப்பிணியாக இருந்தால், அவர் என்ன சொன்னாலும் மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுக்க வேண்டும். தோலில் பட்டாணி அளவு புண்தான் தெரியும், உள்ளே கரண்ட் போன வழியெல்லாம் தசை வெந்திருக்கலாம். சிதைந்த தசையிலிருந்து வருகிற பொருள் சிறுநீரகத்தை அடைக்கும், சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் வந்தால் அதுதான் அடையாளம், ஒரு மணி நேரமும் தள்ளிப்போடக் கூடாது. தோளைத் தூக்க முடியவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், தசை இறுகிய வேகத்திலேயே தோள்மூட்டு விலகியிருக்கலாம், வெளியே பார்த்தால் தெரியாது. எதைப் பிடித்தார், எவ்வளவு நேரம் பிடித்திருந்தது, எங்கே நின்றிருந்தார், எந்தக் கையில் ஏறி எங்கே இறங்கியது, கீழே விழுந்தாரா என்ற விவரங்களைக் கூட வந்தவர்தான் சொல்ல வேண்டும், அவருக்கு எதுவும் நினைவில்லாமல் இருக்கலாம்.

அப்புறம் அந்த ஃபேன். மருத்துவமனைக்குக் கிளம்புகிற பரபரப்பில் அது அங்கேயே நிற்கும், வீட்டில் மீந்தவர் யாராவது பிளக்கை மறுபடி செருகுவார். கிளம்புவதற்கு முன், பிளக் வெளியே இருக்கிறதா என்று இன்னொருமுறை பார்த்துவிட்டு, பிளக்கை ஒட்டி வயரைக் கத்தரித்துவிடுங்கள். பழுது பார்ப்பதென்றால் தேய்ந்த வயரை முழுதாக மாற்றி, அடியில் உள்ள ஓட்டைக்கு ரப்பர் வளையம் போட்டு, கம்பத்தோடு எர்த் வயரைச் சேர்த்து மூன்று முள் பிளக்காக மாற்றச் சொல்லுங்கள். மெயின் போர்டில் ஆர்சிசிபி இல்லையென்றால் 30 மில்லி ஆம்பியரில் ஒன்று போட்டு, இன்வெர்ட்டர் லைன் அதன் பாதுகாப்புக்குள் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் தனியாகக் கேளுங்கள். பல வீடுகளில் அந்த லைன் மட்டும் வெளியே விட்டுப்போயிருக்கும். ஆர்சிசிபியில் ‘T’ என்று எழுதிய சின்ன பட்டன் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கரண்ட் இருக்கும்போது அழுத்தியும் விழவில்லை என்றால் அதை மாற்ற வேண்டும்.